டூ-ஸ்டேஜ் டிடிஎம்ல கடைசி 1% ஏன் இவ்வளவு ஆட்டம் காட்டுது

கேள்வி: ஒரு கம்பெனி ஷேருக்கு டூ-ஸ்டேஜ் டிவிடெண்ட் டிஸ்கவுண்ட் மாடல் போட்டு பாத்தேன். இபிஎஸ் 25 ரூபா, டிவிடெண்ட் 10 ரூபா, முதல் 5 வருஷம் 15% வளர்ச்சி, அப்புறம் எப்பவும் 6%, டிஸ்கவுண்ட் ரேட் 12%. 256 ரூபா வந்துச்சு. 6ஐ 7 ஆக்கினா 298, 5 ஆக்கினா 225. மார்க்கெட்ல 400க்கு ஓடுது. எதை நம்புறது, நான் எங்க தப்பு பண்றேன்?

பதில்:

கூட்டல் பெருக்கல்ல தப்பே இல்ல. ரெண்டாவது ஸ்டேஜுக்கு போறப்ப வளர்ச்சியை மட்டும் மாத்திட்டு பேஅவுட்டை, அதாவது லாபத்துல டிவிடெண்டா குடுக்குற பங்கை, அப்படியே 40%லயே விட்டுட்டீங்க, சிக்கல் அங்கதான் இருக்கு. அதை சரி பண்ணி, அப்புறம் புதுசா போடுற காசு டிஸ்கவுண்ட் ரேட் அளவுக்கே சம்பாதிக்கும்னு வச்சா, 5, 6, 7 எதைப் போட்டாலும் விலை ஏறக்குறைய ஒரே இடத்துல நிக்கும். எப்படின்னு பாக்கலாம், முதல்ல உங்க கணக்கையே ஒரு தடவை விரிச்சு வச்சுக்குறேன், ஏன்னா எல்லாமே அதுலேர்ந்துதான் வருது.

```
வருஷம்   டிவிடெண்ட்   இன்றைய மதிப்பு (12%)
1        11.50       10.27
2        13.23       10.54
3        15.21       10.83
4        17.49       11.12
5        20.11       11.41
                     -----
                     54.16
```

அஞ்சு வருஷ டிவிடெண்டும் சேர்ந்து இன்னைக்கு தேதிக்கு 54 ரூபாதான். மீதி எல்லாம் அஞ்சாவது வருஷத்துக்கு அப்புறம் வர்ற காசு, அதைத்தான் டெர்மினல் வேல்யூன்னு சொல்றாங்க. ஆறாவது வருஷ டிவிடெண்ட் 20.11 × 1.06 = 21.32, அதை 12%க்கும் 6%க்கும் இருக்குற இடைவெளியால வகுத்தா 355.34. இது கார்டன் ஃபார்முலா, இதோட விடை அஞ்சாவது வருஷக் கடைசில அந்த ஷேரோட மதிப்பு, அதனால அஞ்சு வருஷத்துக்குத்தான் டிஸ்கவுண்ட் பண்ணணும். ஆறாவது வருஷ டிவிடெண்டை வச்சு கணக்கு போட்டோமேன்னு ஆறு வருஷத்துக்கு டிஸ்கவுண்ட் பண்றவங்க நிறைய பேர், அப்படி பண்ணா இந்த கணக்குல 21 ரூபாக்கு மேல காணாம போயிடும். நீங்க அதை சரியாத்தான் பண்ணியிருக்கீங்க: 355.34ஐ 1.7623ஆல வகுத்தா 201.63, கூட 54.16, மொத்தம் 255.79.

எக்செல்ல போடுறவங்களுக்கு சின்னதா ஒண்ணு, `NPV` ஃபங்ஷன் நீங்க குடுக்குற முதல் செல்லை ஒரு வருஷம் கழிச்சு வர்ற காசுன்னு எடுத்துக்கும், அதனால ஏற்கனவே வாங்கி முடிச்ச 10 ரூபா டிவிடெண்டை அந்த ரேஞ்சுக்குள்ள சேர்க்கக் கூடாது. கீழ r டிஸ்கவுண்ட் ரேட், g2 கடைசி ஸ்டேஜ் வளர்ச்சி.

```
P0 = NPV(r, D1:D5) + [ D6 / (r - g2) ] / (1 + r)^5
```

இப்ப அந்த 256ல 202 ரூபா, அதாவது 79%, டெர்மினல் வேல்யூ. அதுக்கு கீழ இருக்குற டினாமினேட்டர் வெறும் 6 பாயிண்ட். 6ஐ 7 ஆக்கினா அந்த இடைவெளி 6லேர்ந்து 5க்கு சுருங்குது, வகுக்குற எண் ஆறுல ஒரு பங்கு குறைஞ்சதும் விடை அஞ்சுல ஒரு பங்கு ஏறிடுது, அதான் 43 ரூபா ஏறுன கதை. இன்னொண்ணும் போட்டு பாருங்க, முதல் அஞ்சு வருஷ வளர்ச்சியை 15லேர்ந்து 18க்கு ஏத்துனா மொத்தம் 288தான் வரும். மூணு பர்சென்ட் முழுசா ஏத்தியும் 32 ரூபா, கடைசில ஒரு பர்சென்ட் தொட்டதுக்கு 43 ரூபா. இதனாலதான் பல பேரு இந்த மாடலே வேஸ்ட்டு, நமக்கு வேணுங்கிற விலையை வரவழைக்க g2வை திருகுனா போதும்னு சொல்லிட்டு போயிடுறாங்க. அவங்க சொல்றதுல பாதி நியாயம் இருக்கு, ஆனா மீதி பாதி அவங்க மாடலை அரைகுறையா போட்டதால வந்தது.

இனிமேதான் விஷயம். ஒரு கம்பெனி வளரணும்னா லாபத்துல ஒரு பகுதியை கையில வச்சுக்கணும், மெஷின் வாங்கவோ கடை திறக்கவோ கடன் குடுக்கவோ. எவ்வளவு வச்சுக்குது, வச்ச காசுல எவ்வளவு சம்பாதிக்குது, இந்த ரெண்டையும் பெருக்குனா வளர்ச்சி:

```
g = ROE × (1 - payout)
```

கம்பெனி புதுசா ஷேர் வெளியிடாம, கடன் விகிதத்தை ஏத்தாம வளருதுன்னா இதுதான் கணக்கு. உங்க கம்பெனி 25 ரூபா சம்பாதிச்சு 10 ரூபா குடுக்குது, 60% உள்ள வச்சுக்குது. 15% வளரணும்னா அந்த 60% காசு 25% ஆர்ஓஇ சம்பாதிக்கணும், 25 × 0.60 = 15. நல்ல கம்பெனிக்கு இது நடக்குற விஷயம்தான். ஆறாவது வருஷத்துலேர்ந்து வளர்ச்சி 6%ன்னு சொல்றீங்க, ஆனா டிவிடெண்டை சும்மா 6% ஏத்திட்டு போனதால பேஅவுட் அதே 40%, உள்ள வைக்கிறது அதே 60%. அப்ப ஆர்ஓஇ எவ்வளவு? 6ஐ 0.60ஆல வகுங்க, 10%.

அதாவது உங்களுக்கே தெரியாம மாடல் என்ன சொல்லுதுன்னா, ஷேர்ஹோல்டர் 12% எதிர்பார்க்குறப்போ கம்பெனி அவங்க லாபத்துல 60%ஐ பிடிச்சு வச்சுக்கிட்டு வெறும் 10% சம்பாதிக்குற இடத்துல போடும், அதையும் ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்ல, எப்பவுமே போட்டுட்டே இருக்கும். அப்படி ஒரு மேனேஜ்மெண்ட் இருந்தா அந்த ஷேர் உண்மையிலேயே மலிவாத்தான் இருக்கணும், 256 அதுக்கு சரியான விலைதான். ஆனா நீங்க அப்படி நினைச்சு போடலயே. வளர்ச்சி கொறஞ்ச கம்பெனிக்கு அவ்வளவு காசு தேவையில்ல, அது டிவிடெண்டை ஏத்தும்னுதான் யாரும் நினைப்பாங்க.

இன்னும் கொஞ்சம் நோண்டினா g2வை திருகுறப்ப நடக்குற கூத்தும் புரியும். பேஅவுட் 40%லயே இருக்க, 7%ன்னு போட்டா ஆர்ஓஇ 11.7% ஆயிடுது, 5%ன்னு போட்டா 8.3%. நீங்க வளர்ச்சியை மாத்துறதா நினைச்சு போட்டது, உள்ளுக்குள்ள கம்பெனியோட தரத்தையே மாத்தியிருக்கு. 225க்கும் 298க்கும் நடுவுல இருக்குற 73 ரூபாய் பெரும்பாலும் அதோட விலை.

சரி பண்றது சுலபம். g2வோட கூட கடைசி ஸ்டேஜுக்கு ஒரு ஆர்ஓஇ எடுத்து வச்சுக்கோங்க, பேஅவுட் தானா வந்துடும்: 1 − g2/ஆர்ஓஇ. எடுத்துக்க வேண்டிய ஆர்ஓஇ எதுன்னு கேட்டா, சந்தேகமா இருக்குற கம்பெனிக்கு டிஸ்கவுண்ட் ரேட்டையே போடுங்க, இங்க 12%. போட்டி வந்து வந்து கடைசில புதுசா போடுற காசு அதோட செலவை மட்டும்தான் சம்பாதிக்கும்ங்கிற எண்ணம் அது. அப்ப 6% வளர்ச்சிக்கு பேஅவுட் 50%. அஞ்சாவது வருஷ இபிஎஸ் 50.28, ஆறாவது வருஷம் 53.30, அதுல பாதி 26.65 டிவிடெண்ட், 6%ஆல வகுத்தா 444.18, இன்னைக்கு மதிப்பு 252.04. முன்னாடி உள்ள 54.16 சேர்த்தா 306. இதே மாதிரி 5க்கும் 7க்கும் போட்டா:

```
g2    பேஅவுட் 40%லயே      ஆர்ஓஇ 12%, பேஅவுட் மாறுது
5%         225                    304
6%         256                    306
7%         298                    309
```

73 ரூபா ஆட்டம் 5 ரூபாயா அடங்கிடுச்சு பாருங்க. இது ஏதோ மேஜிக் இல்ல. ஆர்ஓஇயும் டிஸ்கவுண்ட் ரேட்டும் சமமா இருந்தா ஃபார்முலா சுருங்கி வெறும் இபிஎஸ் வகுத்தல் டிஸ்கவுண்ட் ரேட் ஆயிடும், 53.30 / 0.12 = 444, மேல வந்த அதே எண். g2 அதுல ஆறாவது வருஷ இபிஎஸ்ஸை ஒரு தடவை ஏத்துறதோட சரி, மிச்சம் இருக்குற 5 ரூபா ஆட்டம் அதுதான், டினாமினேட்டர்ல g2 இல்லவே இல்ல. ஏன்னா 12% கேக்குறவங்க காசை 12%க்கே போட்டு வளர்த்தா அவங்களுக்கு லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல, அதிகம் வளர அதிகம் பிடிச்சு வைக்கணும், அதனால இன்னைக்கு கொறையுற டிவிடெண்டும் நாளைக்கு கூடுற டிவிடெண்டும் சரிக்கு சரியா போயிடும்.

இதையே 15% ஆர்ஓஇ வச்சு போட்டீங்கன்னா 6%க்கு பேஅவுட் 60%, விலை 357. இங்க வளர்ச்சிக்கு மறுபடி மதிப்பு வருது, 5%ன்னா 339, 7%ன்னா 380. இப்ப உங்க முன்னாடி இருக்குற கேள்வி மாறிடுச்சு, 6ஆ 7ஆன்னு மண்டையை உடைச்சுக்குறதை விட்டுட்டு, அஞ்சு வருஷம் கழிச்சும் இந்த கம்பெனி புதுசா போடுற காசுல செலவுக்கு மேல சம்பாதிக்குமான்னு கேக்கணும். ஹிந்துஸ்தான் யூனிலீவர், நெஸ்லே இந்தியா மாதிரி பிராண்டு வச்சு பல காலம் ஓட்டுறவங்களுக்கு ஆமான்னு சொல்ல துணிச்சல் வரலாம், அவங்க லாபத்துல பெரும்பகுதியை டிவிடெண்டா குடுத்துட்டும் வளர்றாங்க. சிமெண்ட், ஸ்டீல், கெமிக்கல்னா நான் டிஸ்கவுண்ட் ரேட்டுக்கு மேல ஒரு பாயிண்ட் கூட குடுக்க மாட்டேன்.

ஒரு விஷயம் இதுல வழுக்கும், இங்க சொல்ற ஆர்ஓஇ புதுசா போடுற காசுக்கானது. பழைய ஃபேக்டரி பழைய பிராண்டு எல்லாம் சம்பாதிக்குறது அப்படியே இபிஎஸ்ல தொடருது, அதையும் 12%க்கு இழுத்து இறக்குனா ஆறாவது வருஷ லாபமே சரியும், அது வேற கணக்கு.

அடுத்து g2க்கு மேல்வரம்பு. இந்தியாவோட ஜிடிபி விலைவாசியோட சேர்த்து 10% வளருது, அதனால g2 9% போட்டா தப்பில்லன்னு ஒரு வாதம் அடிக்கடி வரும். இன்னும் பத்து பதினஞ்சு வருஷத்துக்கு அது சரியா இருக்கலாம், ஆனா g2ங்கிறது முடிவே இல்லாம ஓடுற எண், 50 வருஷம் கழிச்சும் அதேதான். சென்னைல வளர்ந்து லயோலால படிச்சுட்டு இப்ப நியூயார்க்ல பாடம் எடுக்குற அஸ்வத் தாமோதரன் சொல்ற விதியை நான் பின்பற்றுறேன், கடைசி ஸ்டேஜ் வளர்ச்சி ரிஸ்க் இல்லாத வட்டி ரேட்டை தாண்டக் கூடாது. ரூபாயில போடுறதுன்னா 10 வருஷ அரசாங்க பாண்டு வட்டியை பாருங்க, 7% பக்கத்துல வச்சுக்கிட்டா உங்க 6% அதுக்கு உள்ள வந்துடுது. உங்க 12%ம் அங்கேர்ந்துதான் வரணும், 7 கூட பீட்டா 0.9 பெருக்கல் ரிஸ்க் பிரீமியம் 5.5 போட்டா 11.95 வரும். எதை மாத்துனாலும் ரெண்டையும் சேர்த்து மாத்துங்க, பாண்டு வட்டி கொறஞ்சிருச்சுன்னு டிஸ்கவுண்ட் ரேட்டை இறக்கிட்டு g2வை மட்டும் பழைய இடத்துலயே வச்சா இடைவெளி சுருங்கி விலை தானா ஊதும்.

இதை சரி பண்ணிட்டா மாடல் ஆடவே ஆடாதுன்னு நினைக்காதீங்க. டிஸ்கவுண்ட் ரேட் இன்னும் ஆட்டும். ஆர்ஓஇயையும் கூடவே மாத்தி 11%ல போட்டா 343, 13%ல போட்டா 275. அதுக்கு மருந்து கிடையாது, 275லேர்ந்து 343ன்னு ஒரு வட்டமா வச்சுக்க வேண்டியதுதான். பைசா வரைக்கும் விலை சொல்ற ரிப்போர்ட் பாத்தா எனக்கு சிரிப்புதான் வரும்.

முதல் வரியில போடுற அந்த 10 ரூபா டிவிடெண்டையும் ஒரு தடவை சரிபாருங்க. அதுக்குள்ள ஸ்பெஷல் டிவிடெண்ட் கலந்திருந்தா, ஒரு தடவை நிலம் வித்து குடுத்த காசுக்கு நீங்க 15% வளர்ச்சி போட்டுட்டு இருப்பீங்க. போனஸ் ஷேர், ஸ்ப்ளிட் நடந்திருந்தா பழைய டிவிடெண்டை இப்ப இருக்குற ஷேர் எண்ணிக்கைக்கு மாத்தணும். டிசிஎஸ், இன்ஃபோசிஸ் மாதிரி பைபேக் பண்றவங்கன்னா டிவிடெண்ட் மட்டும் பாத்தா ஷேர்ஹோல்டர் கைக்கு வந்த காசுல ஒரு பெரிய துண்டு விட்டுப் போகும், பைபேக்கை சில வருஷ சராசரியா எடுத்து பேஅவுட்ல சேர்த்துக்கலாம். அரசு கம்பெனின்னா டிவிடெண்ட் அளவை தொழில் தேவை மட்டும் தீர்மானிக்குறதில்ல, குறைஞ்சது இவ்வளவு குடுக்கணும்னு மத்திய அரசு விதியே இருக்கு, அதனால அங்க பேஅவுட்லேர்ந்து வளர்ச்சியை கணிக்குறது கொஞ்சம் ஆபத்து. பேங்குக்கு இந்த மாடல் நல்லா பொருந்தும், ஃப்ரீ கேஷ் ஃப்ளோன்னு ஒண்ணை அங்க பிரிச்சு எடுக்குறதே கஷ்டம், ஆனா 2020ல கோவிட் வந்தப்ப ஆர்பிஐ பேங்குகளை டிவிடெண்ட் குடுக்க வேண்டாம்னு நிறுத்துச்சு, அந்த மாதிரி வருஷத்தை அடிப்படையா எடுத்தா பூஜ்யத்தை எவ்வளவு வளர்த்தாலும் பூஜ்யம்தான். டிவிடெண்டே குடுக்காத கம்பெனிக்கு இதை போட்டு கஷ்டப்படாதீங்க.

இப்ப அந்த 400க்கு வருவோம். இங்கதான் இந்த மாடல் உண்மையிலேயே உதவும், தலைகீழா போட்டா. விலை 400ன்னு வச்சுட்டு உள்ள எது மாறணும்னு தேடுங்க. உங்க பழைய முறையில g2வை மட்டும் திருகி 400 வரவழைக்கணும்னா 8.42% போடணும், அதுவும் எப்பவுமே. அந்த எண்ணை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது, 8.42 சரியா தப்பான்னு யாருகிட்ட போய் கேக்குறது. பேஅவுட்டை சரி பண்ண முறையில, கடைசி ஸ்டேஜ் ஆர்ஓஇ 12%, g2 6%ன்னு வச்சுட்டு முதல் ஸ்டேஜோட நீளத்தை மட்டும் மாத்துங்க. 5 வருஷத்துக்கு 306 வந்துச்சு, 10 வருஷம்னு போட்டா 404 வருது. அப்ப 400 குடுத்து வாங்குறவன் ஏறக்குறைய பத்து வருஷம் 15% வளர்ச்சியை நம்பி வாங்குறான், 25 ரூபா இபிஎஸ் பத்தாவது வருஷம் 101 ரூபாயா ஆகணும். இது சரிபாக்கக் கூடிய கேள்வி, அந்த தொழில் மொத்தமும் எவ்வளவு பெருசு, இந்த கம்பெனி நாலு மடங்கு லாபம் பாக்க இடம் இருக்கான்னு போய் பாக்கலாம்.

அந்த 15%யையே முதல்ல சோதிச்சுடுங்க. ஆனுவல் ரிப்போர்ட்லேர்ந்து கடந்த அஞ்சு வருஷத்துல ஒரு ஷேருக்கு எவ்வளவு லாபத்தை உள்ள வச்சாங்கன்னு கூட்டுங்க, அதே காலத்துல இபிஎஸ் எவ்வளவு ஏறுச்சுன்னு பாருங்க, ரெண்டாவதை முதலாவதால வகுங்க. ஒரு பேச்சுக்கு இபிஎஸ் 14லேர்ந்து 25க்கு வந்திருக்குன்னு வச்சுப்போம், ஏற்றம் 11 ரூபா. லாபத்துல 60% உள்ள வச்சா அந்த அஞ்சு வருஷத்துல சேர்ந்தது ஷேருக்கு 54 ரூபா பக்கம் வரும். 11ஐ 54ஆல வகுத்தா 20%, 25% இல்ல. அந்த 20%ஐ 0.60ஆல பெருக்குனா வளர்ச்சி 12%தான். 15க்கு பதிலா 12 போட்டு அஞ்சு வருஷத்துக்கு கணக்கு போட்டா விலை 271. வளர்ச்சியும் டிஸ்கவுண்ட் ரேட்டும் ரெண்டுமே 12 ஆயிட்டதால முதல் ஸ்டேஜ்ல கூட்டுற ஒவ்வொரு வருஷமும் மேல வெறும் 10 ரூபாதான் சேர்க்கும், அப்படி 400ஐ தொட அதே வேகத்துல 18 வருஷம் ஓடணும்.